கூடை தலைக்கு ஏறும்போது எங்கே வெட்டுவது?

காவேரிப்பட்டணம் பக்கத்து மாந்தோப்பில் எடுத்த குறும்படத்தில் ஒரே ஒரு வெட்டு என்னை மூன்று இரவுகள் படுத்தியது. சித்தப்பா மாங்காய்க் கூடையைத் தூக்கித் தலையில் வைக்கிறார். முதலில் தூர ஷாட், பிறகு இடுப்புக்கு மேல் தெரியும் ஷாட். அவ்வளவுதான்.

தவறு படப்பிடிப்பிலேயே நடந்தது. கூடை பாதி ஏறியதும் கேமராவை நிறுத்திவிட்டு, மீதியைக் கிட்டப் போய் எடுத்தேன். இரண்டு ஷாட்டுக்கும் பொதுவான அசைவே இல்லாததால் வெட்ட இடம் கிடைக்கவில்லை. மறுநாள் மீண்டும் போய், குனிவதிலிருந்து கூடை தலையில் அமர்வது வரை முழுச் செயலையும் இரண்டு முறை எடுத்தோம். கிட்டப் போகும்போது பக்கவாட்டிலும் 30 பாகையாவது நகருங்கள். இல்லையென்றால் படம் துள்ளியதுபோல் தெரியலாம்.

இனி தொகுப்பு மேசைக்கு வருவோம். டாவின்சி ரிசால்வ் என்ற தொகுப்பு மென்பொருளின் இலவசப் பதிப்பே போதும். காசு கொடுத்து வேறெதுவும் வாங்காதீர்கள். தூர ஷாட்டில் கூடை சித்தப்பாவின் மார்பு உயரத்துக்கு வரும் பிரேமில் நிறுத்துங்கள். அசைவு தொடங்குமுன் வெட்டினால் வெட்டு கண்ணில் படும். ஓடிக்கொண்டிருக்கும்போது வெட்டினால் பார்ப்பவர் கூடையின் பின்னாலேயே போய்விடுவார். கிட்ட ஷாட்டிலும் அதே மார்பு உயரத்தைக் கண்டுபிடித்து ஒட்டுங்கள்.

நான் தடுக்கி விழுந்தது இங்கேதான். கணக்குப்படி சரியாகப் பொருந்தியும் கூடை சற்றே தாவியது. புதிய படத்தில் கூடை எங்கே என்று தேடக் கண்ணுக்குச் சிறிது நேரம் பிடிக்கிறது, அதற்குள் கூடை மேலே போய்விடுகிறது. கிட்ட ஷாட்டை 3 பிரேம் முன்னதாகத் தொடங்கினேன், அதாவது அசைவில் ஒரு துளி இரண்டு முறை வருகிறது. தாவல் மறைந்தது. 8 பிரேம் வைத்தபோது சித்தப்பாவுக்கு விக்கல் எடுத்ததுபோல் இருந்தது. ஒலியை நிறுத்திவிட்டு ஓட்டிப் பாருங்கள், இரண்டு பிழையும் உடனே தெரியும்.

அசைவு சிறு வேறுபாடுகளை மூடிவிடும், நிறத்தை மூடாது. தூர ஷாட்டில் முதல் நாள் எடுத்ததே நன்றாக இருந்ததால் அதையே வைத்துக்கொண்டேன். அதில் சித்தப்பாவின் சும்மாடு சிவப்புத் துண்டு, மறுநாள் வெள்ளைத் துண்டு. கடைசியில் தூர ஷாட்டையும் மறுநாளுக்கே மாற்ற வேண்டியதாயிற்று. ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் கைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

அடுத்த காட்சிக்கு, உருளும் மாங்காயிலிருந்து சைக்கிள் சக்கரத்துக்கு உருவப் பொருத்த வெட்டு வைத்தேன். சக்கர ஷாட்டை மேல் தடத்தில் போட்டு, ஒளிபுகாமை அளவை 50 ஆக்கினால் இரண்டு வட்டமும் ஒன்றன்மேல் ஒன்று தெரியும். மையமும் அளவும் ஒத்துவரும்வரை நகர்த்திவிட்டு, மீண்டும் 100 ஆக்குங்கள்.

பின்சேர்க்கை: கைபேசியில் எடுத்த ஒருவருக்கு பிரேம் கணக்கு நிற்கவே இல்லை. கைபேசிகள் பிரேம் வேகத்தை இடையிடையே மாற்றிவிடுகின்றன. 30 பிரேம் வேகத்தில் எடுத்ததாக இருந்தால், தொகுப்புக்குக் கொண்டுவருமுன் ffmpeg என்ற கட்டளைக் கருவியில் இதை ஓட்டுங்கள்:

```
ffmpeg -i in.mp4 -vf fps=30 -c:a copy out.mp4
```