இரண்டு நாற்காலி சலூனுக்கு ஒரு புள்ளிக் கணக்கு: கூகுள் ஷீட்டும் வாட்ஸ்அப்பும் போதும்

தெரு முனையில் இருக்கும் ஒரு ஆண்கள் சலூனை எடுத்துக்கொள்வோம். இரண்டு நாற்காலிகள், உரிமையாளர் ஒருவர், வேலை செய்பவர் ஒருவர். முடி வெட்ட 150 ரூபாய், ஷேவிங் 80 ரூபாய், தலை மசாஜ் 100 ரூபாய். செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஞாயிறு காலையில் பெஞ்சில் உட்கார இடம் இருக்காது. புதன், வியாழன் மதியத்தில் ஒரு நாற்காலி சும்மா கிடக்கும். வருகிறவருக்குப் புள்ளி கொடுத்து, புள்ளி சேர்ந்ததும் ஒரு வேலையை இலவசமாகச் செய்து கொடுக்கும் திட்டத்தைத்தான் இங்கே அமைக்கப் போகிறோம். இந்தக் கடையை மனத்தில் வைத்துக்கொண்டுதான் கீழே உள்ள ஒவ்வொரு எண்ணையும் போட்டிருக்கிறேன். உங்கள் கடையின் விலைகளை வைத்து அதே கணக்கைத் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் படி: எதை இலவசமாகக் கொடுப்பது

பெரும்பாலான கடைகள் இங்கேதான் சறுக்குகின்றன. "ஐந்து முறை வந்தால் ஒரு ஷேவிங் இலவசம்" என்று எழுதி ஒட்டிவிடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் முடி வெட்டி, ஷேவிங்கும் செய்துகொண்டு 230 ரூபாய் கொடுத்துப் போகிறவருக்கு அந்த ஷேவிங்கை இலவசமாக்கினால், எப்படியும் வரவேண்டிய 80 ரூபாய் அப்படியே போய்விடுகிறது. அவருக்குப் புதிதாக எதுவும் கிடைக்கவில்லை, உங்களுக்கும் எதுவும் மிஞ்சவில்லை.

ஆகவே வாடிக்கையாளர் வழக்கமாகக் காசு கொடுத்துச் செய்துகொள்ளாத ஒன்றைக் கொடுங்கள். நம் கடையில் அது தலை மசாஜ். எண்ணெய்ச் செலவு சுமார் 10 ரூபாய். ஆனால் வேலை செய்பவர் பாதிப் பங்குக்கு இருக்கிறார் என்றால் அவருடைய 50 ரூபாயைக் கல்லாவிலிருந்து நீங்கள் கொடுத்தாக வேண்டும். "இலவசம்தானே, பங்கு எதற்கு" என்று விட்டுவிட்டால், அடுத்த வாரமே அவர் புள்ளியைப் பற்றி வாடிக்கையாளரிடம் வாய் திறக்க மாட்டார். திட்டம் அங்கேயே முடிந்துவிடும். ஆக ஒரு மசாஜுக்கு உங்கள் செலவு 60 ரூபாய். வாடிக்கையாளர் கண்ணுக்கு அது 100 ரூபாய். ஒருமுறை சுகம் கண்டவர்களில் சிலர் அடுத்த முறை காசு கொடுத்தே கேட்பார்கள்.

ஒரே ஒரு நிபந்தனை: ஞாயிற்றுக்கிழமை கிடையாது. ஆளில்லாத நேரத்து மசாஜுக்கு 60 ரூபாய்தான் செலவு. ஞாயிறு காலை என்றால், அந்தக் கால் மணி நேரத்தில் காத்திருந்து எழுந்து போனவரின் 150 ரூபாயையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். புள்ளி சேர்ந்த பிறகு சொன்னால் சண்டைதான்.

இரண்டாம் படி: எத்தனை புள்ளி

பத்து ரூபாய்க்கு ஒரு புள்ளி. 120 புள்ளி சேர்ந்தால் மசாஜ். சேரும்போதே 20 புள்ளி வரவேற்பாகக் கொடுத்துவிடுங்கள்.

நூறு புள்ளி என்று வைத்துவிட்டுச் சுழியத்திலிருந்து தொடங்கினாலும் முதல் பரிசுக்கு இதே செலவுதானே என்று கேட்கலாம். கணக்கில் ஒன்றுதான், மனத்தில் ஒன்றல்ல. ஜோசப் நூனஸ், சேவியர் ட்ரேஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு கார் கழுவும் நிலையத்தில் 300 பேருக்கு அட்டை கொடுத்துப் பார்த்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு எட்டு முத்திரை தேவைப்படும் வெற்று அட்டை. மீதிப் பேருக்குப் பத்து முத்திரை அட்டை, அதில் இரண்டு ஏற்கெனவே குத்தப்பட்டிருந்தது. இரு தரப்புக்கும் இன்னும் எட்டு முறைதான் வரவேண்டும். வெற்று அட்டைக்காரர்களில் 19 சதவீதம் பேர் முடித்தார்கள். இரண்டு முத்திரையோடு தொடங்கியவர்களில் 34 சதவீதம் பேர். ஏற்கெனவே கொஞ்ச தூரம் வந்துவிட்டோம் என்ற எண்ணம் காலை இழுக்கிறது.

நம் 230 ரூபாய் வாடிக்கையாளருக்கு ஒரு வருகைக்கு 23 புள்ளி. முதல் வருகை முடியும்போது 43, அடுத்து 66, 89, நான்காவது முறை 112. ஐந்தாவது முறை 135 ஆகிறது. அன்றைக்கே மசாஜ் கொடுத்து 120ஐக் கழித்தால் 15 மீதி. நான்காவது வருகைக்குப் பிறகு அவருக்கு வெறும் 8 புள்ளிதான் குறைவு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். செய்தி அனுப்ப அதைவிட நல்ல தருணம் கிடையாது.

மூன்றாம் படி: தாங்குமா என்று பார்ப்பது

ஐந்து வாரத்துக்கு ஒருமுறை வருபவர் ஆண்டுக்குப் பத்து முறை வருகிறார். அவரை நான்கு வாரத்துக்கு ஒருமுறை வரவைத்தால் 13 முறை. கூடுதலாக 690 ரூபாய். அதில் பாதி பங்காகப் போய், பிளேடு, கிரீம் செலவும் வருகைக்கு 20 ரூபாய் போனால் 285 மிஞ்சும். ஆண்டுக்கு இரண்டு மசாஜ், 120 ரூபாய். நிகரமாக 165 ரூபாய் லாபம்.

ஆனால் புள்ளியை வாங்கிக்கொண்டு, பழையபடி ஐந்து வாரத்துக்கு ஒருமுறையே வருபவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கும் இரண்டு மசாஜ் போகும். ஆளுக்கு 120 ரூபாய் நட்டம். பத்துப் பேரில் நான்கு பேர் முன்னதாக வந்தால் கை கடிக்கும். ஐந்து பேர் வந்தால்தான் திட்டம் நிற்கும். ஆகவே புள்ளியை மட்டும் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பதில் பயனில்லை. நான்காவது வாரத்தில் அவரைக் கூப்பிட வேண்டும். அதற்குத் தேதி தெரிய வேண்டும்.

நான்காம் படி: ஷீட் தயாரிப்பது

போனில் கூகுள் ஷீட்ஸ் செயலி இருந்தால் போதும், ஆனால் அமைப்பதை மட்டும் கணினியில் செய்துவிடுங்கள். இரண்டு தாள்கள். முதலாவதன் பெயர் `Visits`: A தேதி, B போன் எண், C என்ன வேலை, D தொகை, E புள்ளி. இரண்டாவது `Customers`: A போன் எண், B பெயர், C எத்தனை நாளுக்கு ஒருமுறை வரவேண்டும் (முடி வெட்டுபவருக்கு 28), D புள்ளி, E கடைசி வருகை, F அடுத்த தேதி. இரண்டாவது வரிசையில் இவற்றை இட்டு, கீழே இழுத்துவிடுங்கள்.

```
Visits E2:     =INT(D2/10)
Customers D2:  =20+SUMIF(Visits!B:B,A2,Visits!E:E)
Customers E2:  =MAXIFS(Visits!A:A,Visits!B:B,A2)
Customers F2:  =E2+C2
```

மசாஜ் கொடுத்த அன்று `Visits` தாளில் அதே போன் எண்ணோடு இன்னொரு வரிசை சேர்த்து, E கட்டத்தில் கையால் `-120` என்று எழுதுங்கள்.

E, F கட்டங்களில் தேதிக்குப் பதிலாக ஐந்து இலக்க எண் தெரிந்தால் பயப்படாதீர்கள். அந்தக் கட்டங்களைத் தேதி வடிவத்துக்கு மாற்றினால் சரியாகிவிடும். தேதி விஷயத்தில் இன்னொரு தொல்லை உண்டு. ஷீட் அமெரிக்க அமைப்பில் இருந்தால் 5/6 என்பதை மே 6 என்று எடுத்துக்கொள்ளும். 25/6 என்று எழுதினால் தேதியாகவே ஏற்காமல் கட்டத்தின் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அப்படி இடதுபக்கம் ஒதுங்கிய தேதியைக் கண்டால் `File > Settings > Locale` சென்று `India` என்று மாற்றுங்கள்.

அடையாளத்துக்குப் பெயரைப் பயன்படுத்தாமல் போன் எண்ணைப் பயன்படுத்துவது காரணமாகத்தான். ஒரு தெருவில் மூன்று செந்தில் இருப்பார்கள். எண் எப்போதும் பத்து இலக்கம். முன்னால் 0 வேண்டாம், 91 வேண்டாம், நடுவில் இடைவெளி வேண்டாம். நான்கு முறை வந்தவருக்கு 20 புள்ளி மட்டும் காட்டினால், எங்கோ எண்ணை வேறுவிதமாக எழுதியிருக்கிறீர்கள் என்று பொருள். அப்பா, இரண்டு பையன்கள் என்று குடும்பமாக வந்தால் ஒரே எண்ணில் போடுங்கள். அந்த வீட்டில் தலைமுடி பற்றி முடிவெடுப்பவர் பெரும்பாலும் ஒருவர்தான். வாட்ஸ்அப் இல்லாத பெரியவர்களுக்குக் காகித அட்டை போதும்.

ஐந்தாம் படி: செய்திகள்

எண் வாங்கும்போதே "புள்ளிக் கணக்கும் நினைவூட்டலும் அனுப்பலாமா?" என்று கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்பவரை விட்டுவிட வேண்டும். கடை எண்ணை அவர் போனில் சேமிக்கச் சொல்வதும் முக்கியம். வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் போடும் செய்தி, உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் போய்ச் சேரும். சேமிக்காதவர் கடை ஸ்டேட்டஸையும் பார்க்க முடியாது.

மூன்று வகைச் செய்தி போதும். முதலாவது, வேலை முடிந்து அவர் படி இறங்குவதற்குள்:

"நன்றி செந்தில் சார். இன்று 23 புள்ளி சேர்ந்தது. மொத்தம் 112. இன்னும் 8 புள்ளியில் தலை மசாஜ் உங்களுடையது (ஞாயிறு தவிர)."

வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் இதை விரைவுப் பதிலாகச் சேமித்துவைத்தால், `/` அழுத்தித் தேர்ந்தெடுத்து எண்ணை மட்டும் மாற்றலாம்.

இரண்டாவதுதான் கடையை நடத்தும் செய்தி. தினமும் காலையில் `Customers` தாளை F கட்டத்தின்படி வரிசைப்படுத்தி, இன்னும் மூன்று நாளில் தேதி வருபவர்களுக்கு மட்டும் தனித்தனியாக அனுப்புங்கள். பெரும்பாலான நாட்களில் ஐந்தாறு பேர்தான் இருப்பார்கள்.

"வணக்கம் செந்தில் சார். அடுத்த முறை வரும்போது மசாஜுக்குப் புள்ளி நிறைந்துவிடும். வியாழன் மாலை ஐந்து மணிக்குக் காத்திருக்க வேண்டியிருக்காது. நாற்காலி பிடித்து வைக்கட்டுமா?"

நாளும் நேரமும் சொல்லி ஒரு கேள்வியோடு முடிவதைக் கவனியுங்கள். "விரைவில் வாருங்கள்" என்றால் யாரும் பதில் போட மாட்டார்கள். "உங்கள் முடி வளர்ந்துவிட்டது" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். சிலருக்கு அது வளர்வதே இல்லை. பதில் வரவில்லை என்றால் பத்து நாள் கழித்து இன்னொரு முறை, அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது ஸ்டேட்டஸ். 24 மணி நேரத்தில் மறைந்துவிடுவதால், புதன் காலையில் "இன்று மதியம் 2 முதல் 5 வரை இரட்டைப் புள்ளி" என்று போட அதுவே சரியான இடம். ஆனால் வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் வேண்டாம். தினமும் போட்டால், இரட்டைப் புள்ளிக்காகவே காத்திருந்து வருவார்கள்.

அனுப்பக் கூடாத காலங்களும் உண்டு. ஷீட் தேதியை மட்டும் பார்க்கும், மனிதரைப் பார்க்காது. கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டவர் விரதம் முடியும் வரை முடி வெட்ட மாட்டார், ஷேவிங்கும் செய்ய மாட்டார். பழனியில் மொட்டை போட்டு வந்தவருக்கு 28ஆம் நாள் நினைவூட்டல் போனால் தெருவே சிரிக்கும். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளர்கிறது. துக்க வீட்டுக்கு அனுப்பினால் சிரிப்போடு முடியாது. இப்படித் தெரிந்தவுடன் C கட்டத்தில் 28ஐ 90 ஆக்கிவிடுங்கள், திரும்பி வந்தபின் மாற்றிக்கொள்ளலாம். இதே காரணத்துக்காகப் புள்ளி காலாவதிக்கு ஓராண்டுக்குக் குறைவாகக் கெடு வைக்க வேண்டாம்.

ஆறாம் படி: ஆறு மாதம் கழித்து

இருபது வாடிக்கையாளர்களின் வருகைத் தேதிகளைப் பாருங்கள். முதல் இரண்டு இடைவெளிகளையும் கடைசி இரண்டு இடைவெளிகளையும் ஒப்பிடுங்கள். 35 நாள் 28 ஆனவர் பத்துப் பேராவது இருந்தால் தொடரலாம். தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய வாரங்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அப்போது புள்ளி இல்லாவிட்டாலும் வருவார்கள். பத்துக்குக் குறைந்தால் முதலில் பரிசை மாற்றிப் பாருங்கள். அப்படியும் அசையவில்லை, நிறுத்தத்தான் வேண்டும் என்றால், இரண்டு மாதம் முன்பே கண்ணாடியில் எழுதி ஒட்டி, 60 புள்ளிக்கு மேல் வைத்திருக்கும் எல்லோருக்கும் மசாஜைக் கொடுத்து முடித்துவிடுங்கள். ஆளுக்கு 60 ரூபாய் செலவு.