மூன்று நாள் இழுத்த கேப்ஷன்

முதல் ஓபன் மைக்கில் கவிதை வாசித்த வீடியோவை இன்ஸ்டாகிராமில் போட எனக்கு 3 நாள் ஆனது. வீடியோ தயார், கேப்ஷன்தான் வரவில்லை.

முதலில் "குரல் நடுங்கியதற்கு மன்னிக்கவும்" என்று தொடங்கினேன். படித்துப் பார்த்த நண்பர் கவிதையைக் கேட்கும் முன்பே ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிட்டார். சரி என்று நடுக்கத்தைப் பற்றிப் பேசாமலே ஒன்று எழுதினேன். வீடியோவின் முதல் பத்து நொடியே அதைப் பொய்யாக்கியது. "திரண்டு வந்த அனைவருக்கும் நன்றி" என்பதும் ஒட்டவில்லை. இருந்ததே 11 பேர், அதில் ஒருவர் மைக் கட்டியவர்.

அப்புறம் ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். குரல் நடுங்கியது இரண்டாவது, மூன்றாவது வரிகளில் மட்டும். மீதிப் படபடப்பு குரலே இல்லை. தாளை மைக்குக்குப் பக்கத்தில் பிடித்திருக்கிறேன், கை ஆட அதுவும் ஆடியிருக்கிறது. மூன்றாவது வரியில் நான் நின்றபோது ஒருவர்கூட இருமவில்லை என்பதும் அப்போதுதான் காதில் விழுந்தது.

கேட்டதை அப்படியே எழுதினேன், ஐந்து நிமிடம்தான். ஃபீடில் கேப்ஷனின் தொடக்கம் மட்டும் தெரியும், மீதி மடிந்துவிடும். அதனால் நடுக்கத்தை முதல் வரியிலேயே வைத்தேன்:

"இரண்டாவது வரியில் குரல் நடுங்கும், நான்காவதில் சரியாகிவிடும். பின்னணியில் படபடப்பது மழை இல்லை, என் கையிலிருந்த தாள். மூன்றாவது வரியில் நான் நின்றபோது சத்தமில்லாமல் காத்திருந்த 11 பேருக்கும் நன்றி."

அடுத்த முறைக்குப் பரீட்சை அட்டை ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். தாளை அதில் செருகிவிட்டால் கை ஆடினாலும் சத்தம் வராது.