ஒரே அரிசி, மூன்று விலை: அடக்க விலை எங்கே தப்பாகிறது

சேலம் செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் மொத்தமாக அரிசி எடுத்துச் சில்லறைக்கு விற்கப் புதிதாகக் கடை போடுகிறவர்கள், ஒரே அரிசியை மூன்று விலைக்கு வாங்கினால் அதன் அடக்க விலையை, அதாவது கிலோவுக்குத் தமக்கு விழுந்த அசலை, அறிய அந்த மூன்று விலையைக் கூட்டி மூன்றால் வகுக்கக் கூடாது என்பதைச் சீக்கிரமே தெரிந்துகொள்கிறார்கள். ஒவ்வொரு விலைக்கும் எத்தனை கிலோ என்று பெருக்கி, மொத்தப் பணத்தை மொத்தக் கிலோவால் வகுக்க வேண்டும். அதைப் பற்றி மேலே பேச வேண்டியதில்லை. இதைச் சரியாகச் செய்கிறவர்களே விழுகிற குழி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எனக்கு எரிச்சல் வருகிறது. நோட்டில் பார்த்தால் கூட்டல் வகுத்தல் எல்லாம் சுத்தமாக இருக்கும், கல்லாவில் மட்டும் பணம் இருக்காது.

## விற்றுப்போன அரிசியையும் சராசரியில் சேர்ப்பது

அம்மாபேட்டைப் பக்கம் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் நோட்டோடு வந்தார். "யாவாரம் நல்லாத்தானுங்கண்ணா போகுது. ஆனா அடுத்த லோடு எடுக்கப் போனா காசு பத்த மாட்டேங்குது" என்றார். நோட்டில் ஒரே மில்லின் பொன்னி புழுங்கல், 26 கிலோ சிப்பமாக மூன்று முறை வாங்கியிருந்தார். முதலில் 20 சிப்பம், கிலோ 50 ரூபாய். அடுத்து 20 சிப்பம், கிலோ 52 ரூபாய். கடைசியாக 30 சிப்பம், கிலோ 58 ரூபாய்.

முதல் இரண்டும் சேர்த்து 1,040 கிலோ, 53,040 ரூபாய். அடக்கம் கிலோவுக்கு 51. இது சரி. மூன்றாவது சரக்கு 780 கிலோ, 45,240 ரூபாய். அதையும் கூட்டி, மொத்தம் 98,280 ரூபாயை 1,820 கிலோவால் வகுத்து, கிலோவுக்கு 54 என்று கீழே கோடு போட்டிருந்தார். அதன் மேல் மூன்று ரூபாய் லாபம் வைத்து, 57க்கு விற்றுக்கொண்டிருந்தார்.

"மூணாவது சரக்கு வந்து இறங்கறப்ப, பழசு எத்தனை சிப்பம் இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"பத்து சிப்பம் இருந்துச்சுங்க."

அங்கேதான் தப்பு. முப்பது சிப்பம், அதாவது 780 கிலோ, அதற்கு முன்பே விற்றுப் போய்விட்டது. அந்த அரிசி அவர் கடையிலேயே இல்லை. 51 ரூபாய் அசலில் அது விற்று, அதன் லாபத்தையும் அப்போதே எண்ணி எடுத்தாகிவிட்டது. அப்புறம் அந்த மலிவு விலையை மறுபடி கொண்டுவந்து புதுச் சரக்கின் விலையை இறக்குவது, ஒரே சலுகையை இரண்டு முறை எடுத்துக்கொள்வதுதான்.

சரியான கணக்கு இப்படி வரும். கையிருப்பு 260 கிலோ, 51 ரூபாய் அடக்கத்தில் 13,260 ரூபாய். வந்த சரக்கு 780 கிலோ, 45,240 ரூபாய். இரண்டும் சேர்ந்து 1,040 கிலோ, 58,500 ரூபாய். அடக்கம் கிலோவுக்கு 56 ரூபாய் 25 பைசா.

57க்கு விற்றால் மூன்று ரூபாய் லாபம் என்று அவர் நினைத்திருந்தார். உண்மையில் கிடைத்தது 75 பைசா. 1,040 கிலோவும் விற்று முடியும்போது 3,120 ரூபாய் வரும் என்று எதிர்பார்த்த இடத்தில் 780 ரூபாய்தான் நிற்கும். கடை வாடகையும் கரண்ட் பில்லும் அதிலிருந்துதான் போக வேண்டும்.

இந்தத் தப்பு உங்கள் நோட்டில் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. விற்ற கிலோவை அன்றைய அடக்கத்தால் பெருக்குங்கள், கையில் இருப்பதை இன்றைய அடக்கத்தால் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டினால், அரிசிக்கு நீங்கள் கொடுத்த மொத்தப் பணம் வர வேண்டும். அந்தத் தம்பியின் கணக்கில் விற்றது 780 கிலோ, 51 வீதம் 39,780. இருப்பு 1,040 கிலோ, 54 வீதம் 56,160. கூட்டினால் 95,940. கொடுத்ததோ 98,280. நடுவில் 2,340 ரூபாய் காணோம். 56.25 போட்டுப் பாருங்கள், பைசா சுத்தமாகச் சேரும்.

"ஆடிட்டர் வருசக் கடைசியில எல்லாத்தையும் மொத்தமாத்தானே வகுக்கிறாரு?" என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. அப்படிப் போடுகிற முறை ஒன்று உண்டு, அதுவும் செல்லும். ஆனால் அதில் விற்ற அரிசிக்கும் 54, மீதி அரிசிக்கும் 54 என்று ஒரே விலைதான் எழுதுவார்கள். அப்படி எழுதினால் முன்பு விற்ற 780 கிலோவின் லாபம் கிலோவுக்கு மூன்று ரூபாய் குறையும், மொத்தமும் 98,280க்குச் சேர்ந்துவிடும். விற்றதற்கு 51, மீதிக்கு 54 என்று இரண்டு முறையிலிருந்தும் பாதிப் பாதியை எடுத்துக் கலப்பதுதான் கூடாது. வருடம் முடிந்த பிறகு போடும் மொத்தச் சராசரி ஆடிட்டருக்கு உதவும். நாளைக் காலை என்ன விலைக்கு விற்பது என்று முடிவு செய்ய வேண்டிய கடைக்காரருக்கு, சரக்கு இறங்கும் ஒவ்வொரு முறையும் இருப்பை எண்ணிப் போடும் சராசரிதான் வேண்டும்.

ஆகவே சரக்கு இறங்குவதற்கு முன்பே பழைய சிப்பங்களை எண்ணிவிடுங்கள். புதுசும் பழசும் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிய பிறகு எத்தனை இருந்தது என்று நினைவிலிருந்து சொல்வது நம்புவதற்கில்லை. பாதி விற்றுத் திறந்திருக்கும் சிப்பத்தைத் தராசில் வைத்தே எழுதுங்கள்.

## சிப்பத்தை வைத்து வகுப்பது

2022 ஜூலையில் 25 கிலோ வரை பெயர் போட்டுப் பைகட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்த பிறகு, பல மில்கள் 26 கிலோ சிப்பத்துக்கு மாறின. 25ம் 26ம் கலந்து வாங்குகிறவர் சிப்பத்துக்குச் சராசரி போட்டால் அது எந்த அரிசிக்கும் பொருந்தாது. கிலோவுக்கு மட்டும் போடுங்கள்.

## பஜார் விலையை அசலாக எழுதுவது

வண்டி வாடகையும் இறக்குக்கூலியும் அந்தந்தச் சரக்கின் பணத்தில் சேர வேண்டும். 780 கிலோவுக்கு இரண்டும் சேர்த்து 780 ரூபாய் கொடுத்தால், பஜாரில் 58 என்பது கடைக்கு வரும்போது 59 ஆகிவிடும். மேலே தம்பியின் கணக்கில் சொன்ன விலையெல்லாம் இந்தச் செலவும் சேர்ந்து கடையில் வந்து இறங்கிய விலை.

## புது அரிசியையும் பழைய அரிசியையும் சேர்ப்பது

இங்கே பழசு என்பது கடையில் மிஞ்சிய சரக்கு அல்ல, முந்தைய அறுவடையை வைத்திருந்து விற்கும் அரிசி. புது அறுவடை அரிசியோடு பெயர் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் வேறு சரக்கு. தனித்தனிப் பக்கம்.

## பைசாவை வெட்டுவது

56.25ஐ 56 என்று எழுதினால் 1,040 கிலோவில் 260 ரூபாய் போச்சு.

## அடக்கத்தை மட்டும் பார்த்து விலை வைப்பது

அடக்க விலை உங்கள் லாபத்தைச் சொல்லும். அடுத்த லோடுக்குப் பணம் போதுமா என்பதைச் சொல்லாது. 1,040 கிலோவை 57க்கு விற்றால் 59,280 ரூபாய் வரும். அதே அளவை இன்றைய 58க்கு மறுபடி வாங்க 60,320 வேண்டும். நோட்டில் 780 ரூபாய் லாபம் இருக்கும்போதே, கையிலிருந்து 1,040 ரூபாய் போட்டால்தான் சரக்கு எடுக்க முடியும். விலை ஏறுகிற சமயத்தில் அடக்கம் எப்போதும் பஜாரை விடக் கொஞ்சம் பின்தங்கித்தான் இருக்கும், ஏனென்றால் அதில் பழைய மலிவுச் சரக்கும் கலந்திருக்கிறது. அந்தத் தம்பிக்கு 59.25 வைக்கச் சொன்னேன். அடக்கத்தின் மேல் மூன்று ரூபாயும் நின்றது, அடுத்த லோடுக்குத் தேவையான பணமும் வந்தது.

விலை இறங்கும்போது இது தலைகீழாகும். உங்கள் அடக்கம் 56.25 இருக்க, பஜார் 53க்கு வந்துவிட்டால், பக்கத்துக் கடைக்காரர் 56க்கே விற்பார். அப்போது நீங்களும் 56க்கு இறங்க வேண்டியிருக்கும், கிலோவுக்குக் கால் ரூபாய் நஷ்டம் என்று நோட்டில் அப்படியே எழுதுங்கள். இன்னும் வாங்காத 53 ரூபாய்ச் சரக்கை முன்கூட்டியே சேர்த்து அந்த நஷ்டத்தை மறைக்காதீர்கள். அது வந்து இறங்கும் அன்று, மீதியிருக்கும் கிலோவோடு சேர்ந்தால் போதும்.