தலைகீழ் ஜே வளைவை வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு காட்டில் உள்ள மரங்களை விட்டப்படி வகுப்புகளாகப் பிரித்து, ஒவ்வொரு வகுப்பிலும் எத்தனை மரம் என்று பட்டை வரைபடம் போட்டால், பெரும்பாலும் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்துபோகும் வளைவு கிடைக்கும். சின்ன மரம் நிறைய, பெரிய மரம் கொஞ்சம். இதைத்தான் தலைகீழ் ஜே வடிவம் என்கிறோம். இந்த வடிவம் தெரிந்ததுமே “இயற்கை மீளுருவாக்கம் நன்றாக இருக்கிறது” என்று அறிக்கையில் எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது. அந்த ஒரு வரியை எழுதும் முன் சரிபார்க்க வேண்டியவை சில உண்டு.

முதுமலை போன்ற இலையுதிர் காட்டில் 1 ஹெக்டேர் கட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக அமைத்தவை. 1.37 மீட்டர் உயரத்தில் விட்டம் 10 செ.மீ.க்கு மேல் உள்ள எல்லா மரங்களையும் கட்டம் முழுக்க அளந்தாயிற்று. 1 முதல் 10 செ.மீ. வரை உள்ளவற்றை, கட்டத்துக்குள் 5×5 மீட்டரில் பத்துச் சிறுகட்டங்கள் போட்டு அங்கே மட்டும் எண்ணினோம்.

பரப்பையும் வகுப்பு அகலத்தையும் சரிசெய்யாமல் வரைவது

பத்துச் சிறுகட்டங்களில் சேர்ந்து கிடைத்தது 12 தண்டுகள். இந்த 12-ஐ அப்படியே 10–20 செ.மீ. வகுப்பின் 160 மரங்களுக்குப் பக்கத்தில் வரைந்தால், காட்டில் இளமரமே இல்லை என்று தோன்றும். சிறுகட்டங்களின் மொத்தப் பரப்பு 250 சதுர மீட்டர், அதாவது ஹெக்டேரில் நாற்பதில் ஒரு பங்கு. எனவே 12-ஐ 40-ஆல் பெருக்க வேண்டும், ஹெக்டேருக்கு 480. இப்போது படம் தலைகீழாக மாறிவிடுகிறது.

பெருக்குவதிலும் ஆபத்து உண்டு. நாற்றுகளுக்கு 1×1 மீட்டரில் பத்துக் கட்டம் போட்டால் பெருக்கெண் 1000. ஏதோ ஒரு கட்டத்தில் தாய்மரத்தடியில் மூன்று நாற்று முளைத்திருந்தால் “ஹெக்டேருக்கு 3000 நாற்று” என்று அட்டவணையில் ஏறிவிடும். பத்தில் எத்தனை கட்டங்களில் அந்த இனம் இருந்தது என்பதையும் பக்கத்திலேயே எழுதினால்தான் அந்த 3000-க்கு அர்த்தம் உண்டு. பத்தில் ஒன்றில் மட்டும் என்றால், அது ஒரு தாய்மரத்தின் நிழலைப் பற்றிய செய்தி. காட்டைப் பற்றிய செய்தி அல்ல.

வகுப்பு அகலமும் இதேபோல ஏமாற்றும். 10–20, 20–30 என்று போய், பிறகு மரம் குறைகிறதே என்று 30–60 என ஒரே வகுப்பாகச் சேர்ப்பார்கள். நம் கட்டத்தில் 20–30-ல் 98 மரம். 30–60-ல் மொத்தம் 115. இல்லாத ஒரு மேடு நடுவில் முளைத்துவிடும். அகலம் மூன்று மடங்கு என்பதால் 115-ஐ 3-ஆல் வகுத்து 38 என்று வரைந்தால் மேடு மறைந்துவிடும். நாடா போட்டுச் சுற்றளவு எடுத்தவர்கள் 30 செ.மீ. சுற்றளவு என்பது ஏறக்குறைய 9.5 செ.மீ. விட்டம் என்பதை மறக்கக்கூடாது. சுற்றளவு வகுப்பில் ஒரு காட்டையும் விட்ட வகுப்பில் இன்னொரு காட்டையும் வைத்து ஒப்பிட்ட அட்டவணைகள் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

எல்லா இனங்களையும் ஒன்றாகக் கொட்டி வரைவது

மிகப் பெரிய தவறு இதுதான். கட்டத்தின் மொத்தக் கணக்கைப் பாருங்கள்.

| விட்டம் (செ.மீ.) | எல்லா இனமும் | கொன்றை, நெல்லி போன்ற சிறுமரங்கள் | வெக்காலி | கருமருது | பிற உயர்மரங்கள் |
|---|---|---|---|---|---|
| 10–20 | 160 | 128 | 18 | 6 | 8 |
| 20–30 | 98 | 52 | 22 | 14 | 10 |
| 30–40 | 58 | 8 | 19 | 22 | 9 |
| 40–50 | 36 | 0 | 12 | 18 | 6 |
| 50–60 | 21 | 0 | 6 | 11 | 4 |
| 60-க்கு மேல் | 12 | 0 | 2 | 8 | 2 |

“எல்லா இனமும்” என்ற நெடுவரிசை மட்டும் கையில் இருந்தால் பாடப்புத்தக வளைவு. ஒரு வகுப்பின் எண்ணிக்கையை அடுத்த வகுப்பின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள்: 1.63, 1.69, 1.61, 1.71. இந்த விகிதம் ஏறக்குறைய மாறாமல் இருப்பதுதான் தலைகீழ் ஜேயின் இலக்கணம். 1898-இல் பிரான்சில் தெ லியோகூர் என்ற வனவியலாளர் ஃபர் மரக்காடுகளில் கண்டு சொன்னது இது. அவர் பார்த்தவை மரங்களைத் தேர்ந்து வெட்டி நிர்வகித்த காடுகள். எழுபது இனம் கலந்து நிற்கும் நம் காட்டின் மொத்த எண்ணிக்கையில் அந்த விகிதம் தெரிவதால் மட்டும் எதுவும் நிரூபணமாகிவிடாது.

காரணத்தைச் சிறுமரங்களின் நெடுவரிசையில் பாருங்கள். 10–20 வகுப்பின் 160-ல் 128 கொன்றையும் நெல்லியும் அவற்றைப் போன்றவையும். இவை இந்தக் கட்டத்தில் 40 செ.மீ.யைத் தாண்டவே இல்லை. நாளைக்கு இவை கருமருதாக வளரப்போவதில்லை. சிறுமர இனங்கள் இடப்பக்கத்தை நிரப்ப, உயர்மர இனங்கள் வலப்பக்கத்தை நிரப்ப, இரண்டும் சேர்ந்து ஒரு வளைவு உருவாகிறது. அந்த வளைவில் எந்த ஓர் இனத்தின் கதையும் இல்லை. உயர்மரங்களை மட்டும் கூட்டினால் 32, 46, 50, 36, 21, 12. நடுவில் மேடு, இடப்பக்கம் சரிவு. ஆகவே இனவாரியாக வரையாமல் மீளுருவாக்கம் பற்றி எழுதக்கூடாது. குறைந்தபட்சம், கட்டத்தில் அதிகமாக உள்ள ஐந்தாறு உயர்மர இனங்களுக்காவது தனித்தனிப் படம் வேண்டும்.

எண்ணிக்கையை மடக்கை அளவில் வரைவதும் உதவும். விகிதம் மாறாமல் இருந்தால் புள்ளிகள் நேர்க்கோட்டில் விழும். இடது முனை கோட்டுக்குக் கீழே தொங்கினால் உடனே கண்ணில் படும். சாதாரண அச்சில் இந்தத் தொங்கலை உயரமான முதல் பட்டை மறைத்துவிடும்.

தண்டை மரமாக எண்ணுவது

வெக்காலியும் தேக்கும் வெட்டினாலோ எரிந்தாலோ தூரிலிருந்து மறுதாம்பு விடும். ஒரே தூரில் 8 செ.மீ. கனத்தில் மூன்று தண்டு நின்றால் அவை மூன்று இளமரங்கள் அல்ல. ஏற்கெனவே இருந்த ஒரு மரம். ஒரே எண்ணைக் கொடுத்து அ, ஆ, இ என்று தண்டுகளைப் பதியுங்கள். அளவு வகுப்புக்குத் தடித்த தண்டை மட்டும் எடுங்கள்.

நாற்றுகளில் இது இன்னும் நுட்பமாக ஒளிந்திருக்கும். தீ வந்துபோகும் காட்டில் நாற்றின் மேல்பகுதி கருகி, வேர் பிழைத்து, அடுத்த மழையில் புதுத் தளிர் விடும். அடுத்த தீயில் மறுபடி கருகும். முழங்கால் உயரத்துக்கு மேல் போகாமல் பல ஆண்டு இப்படியே கிடக்கும். சந்தேகம் வந்தால் மண்ணை விரலால் விலக்கி வேர்க்கழுத்தைப் பாருங்கள். தளிர் பென்சில் கனம், கழுத்து கட்டைவிரலைவிடத் தடிப்பு, பழைய கருகல் தழும்பு என்றால் அது இந்த ஆண்டு முளைத்தது அல்ல. நாற்றின் உயரத்தோடு கழுத்துக் கனத்தையும் பதிவது இதற்காகத்தான். மழைக்குப் பின் எண்ணினால் நாற்று குவிந்திருக்கும், கோடைத் தீக்குப் பின் எண்ணினால் வெறிச்சோடியிருக்கும். எந்த மாதம் எண்ணியது என்று குறிப்பிடாத நாற்றுக் கணக்கை ஒப்பிடவே முடியாது.

ஒரு நாள் எடுத்த படத்தில் வருங்காலத்தை வாசிப்பது

விட்டம் வயது அல்ல. நிழலில் அடைபட்டு ஆண்டுக்கு 1 மில்லிமீட்டர் பருக்கும் மரம், 10 செ.மீ. அகலமுள்ள வகுப்பைக் கடக்க நூறு ஆண்டு ஆகும். 5 மில்லிமீட்டர் பருப்பது இருபது ஆண்டில் கடந்துவிடும். இடப்பக்கப் பட்டை உயரமாக இருப்பது புதுவரவு மிகுந்ததாலும் இருக்கலாம், உள்ளே வந்தவை நகராமல் தேங்கியதாலும் இருக்கலாம். படத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

முதுமலையில் 1988-இல் இந்திய அறிவியல் கழகம் தொடங்கிய 50 ஹெக்டேர் நிரந்தரக் கட்டத்தில் கைடியா காலிசினா என்ற மரம்தான் அப்போது எண்ணிக்கையில் முன்னணியில் இருந்தது. யானைகள் முறித்தும் பட்டை உரித்தும் தின்றதில் அடுத்த ஆண்டுகளில் அது பெருமளவு சரிந்துபோனது. இப்படி ஒரு சரிவை அளவு வகுப்புப் படம் முன்கூட்டிச் சொல்லாது. அதே மரங்களைத் திரும்ப அளந்தால்தான் தெரியும். தகரத் தகடு, 1.37 மீட்டரில் பெயின்ட் கோடு, ஐந்தாண்டு இடைவெளியில் மறு அளவீடு என்பதற்கு மாற்று இல்லை.

மேடு தெரிந்தவுடன் “அழிகிறது” என்பது

அவசரம் எதிர்த்திசையிலும் வரும். வெளிச்சம் வேண்டும் இனங்கள், பெரிய இடைவெளி விழும்போது மொத்தமாக முளைத்து, பிறகு பல பத்தாண்டுகள் புதுக்கன்றே இல்லாமல் நிற்பது இயல்பு. அவற்றுக்கு மேடு வடிவம் நோய் அல்ல. பரப்பு போதாமல் எண்ணிவிட்டுப் பயப்படுவதும் உண்டு. நம் சிறுகட்டங்களில் கிடைத்த 12-ல் கருமருது ஒன்றே ஒன்று. பெருக்கினால் ஹெக்டேருக்கு 40. ஆனால் ஒரே ஒரு தண்டை வைத்துச் சொல்லும் 40-க்குப் பின்னால் உண்மை 5 ஆகவும் இருக்கலாம், 200 ஆகவும் இருக்கலாம். இங்கே செய்ய வேண்டியது, அந்த ஓர் இனத்தை மட்டும் ஹெக்டேர் முழுக்க நடந்து எண்ணுவது. இரண்டு பேருக்கு ஒரு நாள் வேலை.

அப்படி எண்ணியதில் 1–10 செ.மீ.யில் 9 கருமருது கிடைத்தது என்று கொள்வோம். இப்போது அந்த இனத்தின் வரிசை 9, 6, 14, 22, 18, 11, 8. இதைக் காலத்தில் ஓட்டிப் பார்க்கலாம். ஆண்டுக்கு 3 மில்லிமீட்டர் பருமன், நூற்றுக்கு ஒன்று சாவு என்று தற்காலிகமாக வைத்தால், ஒரு வகுப்பைக் கடக்க 33 ஆண்டு ஆகும். அதற்குள் நூற்றில் 72 மிஞ்சும். ஒவ்வொரு வகுப்பும் ஒரு படி வலப்பக்கம் நகர்ந்தால், 10–20-ல் 6, 20–30-ல் 4, 30–40-ல் 10, 40–50-ல் 16, 50–60-ல் 13, 60-க்கு மேல் 14 நிற்கும்.

40 செ.மீ.க்கு மேற்பட்ட கருமருது 37-லிருந்து 43 ஆகக் கூடியிருக்கிறது. 10 செ.மீ.க்கு மேற்பட்டவற்றின் மொத்தமோ 79-லிருந்து 63 ஆகக் குறைந்திருக்கிறது. அண்ணாந்து பார்ப்பவருக்கு முப்பது ஆண்டு கழித்தும் காடு முன்னைவிடச் செழிப்பாகவே தெரியும். பற்றாக்குறை 20–30 வகுப்பில் 14 இருந்த இடத்தில் 4 என்று கீழே ஒளிந்திருக்கும். இந்த 3 மில்லிமீட்டரும் 1 சதவீதமும் அனுமானங்கள்தான். முதல் மறு அளவீடு வந்ததும் அவற்றைத் தூக்கிவிட்டுச் சொந்த எண்களைப் போட்டுக் கணக்கை மறுபடி ஓட்ட வேண்டும். சின்ன மரங்களுக்குத் தீயாலும் நிழலாலும் சாவு வீதம் அதிகம் என்பதால், இடப்பக்க எண்கள் இதைவிடக் குறையவே வாய்ப்பு உண்டு.

அதுவரை அறிக்கையில் எழுதத் தகுந்தது இவ்வளவுதான்: “கருமருதில் 20 செ.மீ.க்குக் கீழ் ஹெக்டேருக்கு 15 மரங்கள், 30–40 செ.மீ.யில் 22, புதுவரவு குறைவாகத் தெரிகிறது, தீ வரலாறும் மறு அளவீடும் தேவை. மொத்த வளைவின் தலைகீழ் ஜே வடிவம் சிறுமர இனங்களால் வருவது.”