பட்மின்டனுக்கு எந்தச் சப்பாத்து? கணுக்கால் பிரளாமல் இருக்கக் கடையிலேயே பார்க்க வேண்டியவை

திருகோணமலைக் கடைகளில் ‘ஸ்போர்ட்ஸ் சப்பாத்து’ என்று கேட்டால் பெரும்பாலும் ரன்னிங் சப்பாத்தைத்தான் எடுத்து வைப்பார்கள். ரோட்டில் ஓட அது அருமையானது. பட்மின்டனுக்கு அதைப் போடாதீர்கள்.

காரணம் அதன் குதியில் இருக்கிறது. ரன்னிங் சப்பாத்தில் குதிக்குக் கீழே 30 மில்லிமீற்றருக்கும் மேலே மெத்தென்ற நுரை இருப்பது வழக்கம். நேராக ஓடும்போது அதிர்ச்சியைத் தாங்குவது அந்த நுரைதான். ஆனால் பட்மின்டனில் வலது ஓரத்துக்குப் பாய்ந்து ஷட்டிலை எடுத்ததும் வலது காலை ஊன்றி நடுவுக்குத் திரும்ப வேண்டும். அந்த ஊன்றலில் பாரம் முழுக்கப் பாதத்தின் வெளி விளிம்பில் இறங்குகிறது. வெளிப்பக்க நுரை மட்டும் அமுங்க, பாதம் வெளியே சரிகிறது, உள்ளங்கால் உள்ளே பார்க்கத் திரும்புகிறது. கணுக்காலின் வெளிப்பக்கத் தசைநார் இழுபடுவது இப்படித்தான். குதி எவ்வளவு உயரமோ, அவ்வளவு சுலபமாகக் கால் பிரளும்.

முதலில், எந்தத் தரையில் விளையாடப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். மண்டபத்தில் மரத்தரை அல்லது விரிப்பு என்றால், அடி மென்மையான ரப்பராக இருக்கும் கோர்ட் சப்பாத்து வேண்டும். வெளியே சீமெந்துத் தரை என்றால் அந்த ரப்பர் சீக்கிரம் தேய்ந்துவிடும். அங்கே கடின ரப்பர் அடியுள்ள டென்னிஸ் சப்பாத்துதான் சரி.

கடையில் சப்பாத்தைக் கையில் எடுத்ததும் குதியையும் நுனியையும் பிடித்து, ஈரத்துணி பிழிவது போல முறுக்குங்கள். லேசாக முறுகினால் வைத்துவிடுங்கள். மடித்தால் விரல்கள் மடியும் இடத்தில் மடிய வேண்டும், நடுவில் மடியக்கூடாது. குதியைச் சுற்றியுள்ள பகுதியை இரண்டு விரலால் நெருக்கினால் உள்ளே போகக்கூடாது. அப்புறம் வெளிப்பக்க விளிம்பைப் பாருங்கள்: சின்னவிரல் பக்கம் அடி கொஞ்சம் அகன்று, ரப்பர் மேலே ஏறியிருந்தால் நல்லது.

இனி நிறையப் பேர் தவறவிடும் சோதனை. விளையாடப் போடும் அதே சொக்ஸைக் கடைக்குக் கொண்டுபோய், இரண்டு சப்பாத்தையும் போட்டு லேஸை இறுக்குங்கள். கால்களை அகட்டி நின்று, வலது காலை நகர்த்தாமல் உடம்பை வலப்பக்கம் தள்ளுங்கள். குனிந்து பாருங்கள். பாதம் சப்பாத்துக்குள் வழுக்கி, மேல்துணி அடியின் விளிம்பைத் தாண்டி வெளியே பிதுங்குகிறதா? அப்படியென்றால் கோர்ட் சப்பாத்து என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் பயனில்லை. அகலம் குறைந்த பாதம் உள்ளவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். அரை சைஸ் குறைத்து, இல்லையென்றால் ஒடுக்கமான வேறு மொடல் போட்டுத் திரும்பவும் தள்ளிப் பாருங்கள். விலை கூடிய ரன்னிங் சப்பாத்தைவிட, இந்தச் சோதனையில் தேறிய மலிவான கோர்ட் சப்பாத்தையே நான் எடுப்பேன்.

லேஸ் கட்டும்போது கணுக்காலுக்குப் பக்கத்தில் தனியாக இருக்கும் கடைசித் துளையையும் பயன்படுத்துங்கள். அதே பக்கத்துத் துளையில் சின்ன வளையம் விட்டு, எதிர்ப்பக்க லேஸை அதற்குள் நுழைத்து இழுத்தால் குதி மேலே எழும்பாது.

பிடிமானம் பற்றியும் சொல்ல வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மண்டபத்துத் தரையில் மெல்லிய தூசி படிந்துவிடும். கடற்கரைப் பக்கம் இருந்து வருபவர்களின் அடியில் மணலும் ஒட்டியிருக்கும். கோர்ட் சப்பாத்தைப் பையில் கொண்டுபோய் வாசலில் மாற்றுங்கள். ஓரத்தில் ஈரத்துணி வைத்து இடைக்கிடை அடியைத் துடையுங்கள். துடைத்த பிறகும் வழுக்கினால் ரப்பரை நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் பதியாமல் கல்லுப்போல இருந்தால் ரப்பர் இறுகிவிட்டது, மாற்றுங்கள்.

பிறகு சேர்த்தது: “கோர்ட் சப்பாத்துத்தான் அண்ணை போடுறன், அப்பவும் பிரளுது” என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். விசாரித்ததில், அதே கால் முன்பும் சுளுக்கியிருக்கிறது. வீக்கம் வற்றியதும் விளையாட வந்துவிட்டார். கண்ணை மூடி அந்தக் காலில் மட்டும் நிற்கச் சொன்னேன், உடனே தடுமாறினார். மற்றக் காலில் நன்றாக நின்றார். ஒருமுறை சுளுக்கிய கால் திரும்பவும் சுளுக்குவது சாதாரணம், அதைச் சப்பாத்து மட்டும் தடுக்காது. தினமும் ஒற்றைக் காலில் நின்று பழக வேண்டும். விளையாடும்போது லேஸ் வைத்துக் கட்டும் கணுக்கால் உறை போட வேண்டும். இழுபடும் எலாஸ்டிக் உறை அந்த அளவுக்குப் பிடிக்காது.

கால் பிரண்டதும் நாலு அடி வைக்க முடியவில்லை என்றாலோ, கணுக்கால் எலும்பின் பின்விளிம்பை அழுத்தும்போது வலித்தாலோ எண்ணெய் தடவித் தேய்க்க வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடுங்கள்.