இரண்டாம் தாரத்துப் பிள்ளைகளின் சொத்துப் பங்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூத்த மனைவி உயிரோடு இருக்கிறார், முறையான விவாகரத்தும் ஆகவில்லை. இந்த நிலையில் ஒருவர் இன்னொரு பெண்ணுக்குத் தாலி கட்டினால், இந்து திருமணச் சட்டம் 1955இன் 11ஆம் பிரிவுப்படி அந்தத் திருமணம் முதல் நாளிலிருந்தே செல்லாது. இருபது வருடம் சேர்ந்து வாழ்ந்தாலும், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்திருந்தாலும் இதில் மாற்றமில்லை. "திருமணமே செல்லாது என்றால் அதில் பிறந்த பிள்ளைகளுக்கும் உரிமை கிடையாது" என்று உறவுக்காரர்கள் அடித்துச் சொல்வார்கள். முதல் தவறு இங்கேதான் தொடங்குகிறது.

அதே சட்டத்தின் 16ஆம் பிரிவு திருமணத்தையும் பிள்ளையையும் தனித்தனியாகப் பார்க்கிறது. செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளை சட்டபூர்வமான பிள்ளையே. திருமணம் செல்லாது என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தாலும் சரி, யாரும் வழக்கே போடாமல் இருந்தாலும் சரி, நிலை இதுதான். இந்தப் பாதுகாப்பு 1976 திருத்தத்தில் முழுமையாக வந்தது. இது தெரியாமல், பிறப்புச் சான்றிதழிலும் பள்ளிச் சேர்க்கையிலும் அப்பா பெயரை விட்டுவிடுகிறார்கள், அல்லது வேறொருவர் பெயரை எழுதுகிறார்கள். அதைச் செய்யவே கூடாது. பின்னால் அப்பா யார் என்று நிரூபிக்க வேண்டிய நாளில், அந்தத் தாளைத்தான் எதிர்த்தரப்பு முதலில் நீட்டும்.

அடுத்தது, "பஞ்சாயத்தில் தீர்த்துவிட்டோம், பத்திரத்தில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டோம்" என்ற நம்பிக்கை. முத்திரைத்தாளில் எழுதிய விடுதலைப் பத்திரம் விவாகரத்து ஆகாது. தங்கள் சமூகத்தில் அப்படித் தீர்த்துக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது என்று ஆதாரத்தோடு நிரூபித்தால் மட்டுமே அது எடுபடும். மற்றவர்களுக்கு நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும். அது இல்லாமல் செய்த மறுமணம் செல்லாது என்பதோடு, இருதார மணக் குற்றமும் ஆகும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 82ஆம் பிரிவில் அதற்கு 7 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

எல்லாக் குறையும் திருமணத்தைச் செல்லாததாக்கிவிடாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஏமாற்றியோ மிரட்டியோ சம்மதம் வாங்கியது, ஆண்மைக் குறைவால் தாம்பத்தியமே நடக்காதது போன்றவை 12ஆம் பிரிவில் வருகின்றன. அந்தத் திருமணங்கள், பாதிக்கப்பட்டவர் கேட்டு நீதிமன்றம் ரத்து செய்யும் வரை செல்லுபடியாகும். ஏமாற்று என்றால், அது தெரியவந்த ஒரு வருடத்துக்குள் மனுப்போட வேண்டும். தெரிந்த பிறகும் விருப்பத்தோடு சேர்ந்து வாழ்ந்தால் மனு நிற்காது. "பிள்ளைக்குக் கெட்ட பெயர் வந்துவிடுமே" என்று பயந்து அந்த ஒரு வருடத்தைக் கோட்டைவிடுபவர்கள் உண்டு. அந்தப் பயம் தேவையில்லை. ரத்துத் தீர்ப்புக்கு முன்னால் கருவான பிள்ளையும் சட்டபூர்வமான பிள்ளைதான். அக்காள் மகளைக் கட்டியவர்களும் கலங்க வேண்டாம். வழக்கம் அனுமதிக்கும் சமூகங்களில் அந்தத் திருமணம் முழுமையாகச் செல்லும்.

சரி, இப்போது சொத்துக்கு வருவோம். 16(3) பிரிவு ஒரு எல்லை போடுகிறது: இந்தப் பிள்ளைகளுக்குத் தாய், தகப்பன் சொத்தில்தான் உரிமை, வேறு யாருடைய சொத்திலும் கிடையாது. தகப்பனின் சுயசம்பாத்தியத்தில் பங்கு என்பதில் பெரிய சண்டை இருந்ததில்லை. பூர்வீகச் சொத்தில் தகப்பனுக்கு உள்ள பங்கு "தகப்பன் சொத்து" ஆகுமா என்பதில்தான் தீர்ப்புகள் பல காலம் முரண்பட்டன. ரேவணசித்தப்பா எதிர் மல்லிகார்ஜுன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2023 செப்டம்பர் 1 அன்று, ஆகும் என்று முடிவு சொன்னது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். ஒருவர் உயில் எழுதாமல் இறந்துபோகிறார். பூர்வீக நிலம் 15 ஏக்கர். மூத்த மனைவி, அவருக்கு ஒரு மகன், ஒரு மகள். செல்லாத இரண்டாம் திருமணத்தில் இரண்டு பிள்ளைகள். இங்கே பலர் 15 ஏக்கரையும் நான்கு பிள்ளைகளுக்கு நான்காகப் பிரிக்கிறார்கள். அது தவறு.

முதலில், அவர் இறப்பதற்குச் சற்று முன்னால் பாகப்பிரிவினை நடந்ததாக வைத்துக்கொள்ள வேண்டும். அதில் பங்காளிகள் மூன்று பேர்: அவர், மூத்த தாரத்து மகன், மகள். ஆளுக்கு 5 ஏக்கர். செல்லாத திருமணத்தின் பிள்ளைகள் இந்தக் கட்டத்தில் வரமாட்டார்கள், ஏனென்றால் அவர்கள் பிறப்பால் பங்காளிகள் அல்ல. தமிழ்நாட்டில் மனைவிக்கும் இந்தக் கட்டத்தில் பங்கு ஒதுக்குவதில்லை. அப்புறம் இறந்தவரின் 5 ஏக்கரை மட்டும் வாரிசுகளுக்குப் பிரிக்க வேண்டும். மூத்த மனைவி, அவருடைய இரண்டு பிள்ளைகள், இரண்டாம் திருமணத்தின் இரண்டு பிள்ளைகள் என்று ஐந்து பேர். ஆளுக்கு 1 ஏக்கர். ஆக, மூத்த தாரத்து மகனுக்கும் மகளுக்கும் தலா 6 ஏக்கர், மூத்த மனைவிக்கு 1, மற்ற இரண்டு பிள்ளைகளுக்குத் தலா 1. அவர் சம்பாதித்துக் கட்டிய வீடு ஒன்று இருந்தால், அதில் ஐந்து பேருக்கும் சம பங்கு.

பிறப்பால் பங்காளி இல்லை என்பதால், தகப்பன் உயிரோடு இருக்கும்போது இந்தப் பிள்ளைகள் பாகப்பிரிவினை வழக்குப் போட முடியாது. போட்டால் செலவுதான் மிச்சம். தகப்பன் தன் பங்கை வேறொருவருக்கு உயில் எழுதிவிட்டால் அதையும் தடுக்க வழியில்லை. ஆனால் மைனர் பிள்ளைக்கு ஜீவனாம்சம் கேட்பது வேறு விஷயம். அதற்கு யாருடைய சாவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

தாத்தாவின் சொத்தில் பலர் ஏமாறுகிறார்கள். தாத்தா தானே சம்பாதித்து, உயில் எழுதாமல் முதலில் இறந்தால், மகனுக்கு வரும் பங்கு மகனுடைய தனிச்சொத்து ஆகிவிடும். அந்த மகன் இறந்தால் அதில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்கு. மகன் முதலில் இறந்து தாத்தா பிறகு இறந்தால், மகனுக்குரிய பங்கு அவருடைய மூத்த மனைவிக்கும் அவர் பெற்ற பிள்ளைகளுக்கும் மட்டும் போகும். அதனால் வக்கீலைப் பார்க்கப் போகும்போது இரண்டு பேரின் இறப்புச் சான்றிதழ்களையும் கையில் எடுத்துப் போங்கள்.

16ஆம் பிரிவு உதவ வேண்டுமென்றால் ஏதோ ஒரு வடிவில் திருமணம் நடந்திருக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. சடங்கு எதுவும் இல்லாமல் சேர்ந்து வாழ்ந்ததாக எதிர்த்தரப்பு சொன்னால் வழக்கு ஆட்டம் காணும். தமிழ்நாட்டில் 7ஏ பிரிவுப்படி உறவினர், நண்பர் முன்னால் மாலை மாற்றினாலோ மோதிரம் மாற்றினாலோ தாலி கட்டினாலோ போதும். "செல்லாத கல்யாணத்துக்கு எதற்கு ஆதாரம்" என்று பத்திரிகையையும் போட்டோவையும் கோயில் ரசீதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பிள்ளைகளுடைய பங்கு அவற்றைப் பிடித்துத்தான் நிற்கிறது.

இரண்டாவது மனைவியின் நிலை வேறு. மேலே போட்ட கணக்கில் அவர் பெயரே இல்லை, ஏனென்றால் சட்டப்படி அவர் விதவை ஆவதில்லை. வாரிசுச் சான்றிதழிலும் மனைவி என்று இடம் கேட்க முடியாது. முதல் திருமணத்தை மறைத்து அவரைக் கட்டியிருந்தால், அந்த ஆளிடமிருந்து ஜீவனாம்சம் பெற நீதிமன்றங்கள் வழி விட்டிருக்கின்றன. ஆனால் சொத்து என்று வந்தால், அந்த மனிதர் உயிரோடு இருக்கும்போதே தன் சுயசம்பாத்தியத்திலிருந்தோ தன் பங்கிலிருந்தோ அவர் பெயரைச் சொல்லி உயில் எழுதி வைக்க வேண்டும். "என் மனைவிக்கு" என்று மட்டும் எழுதினால் அந்தச் சொல் மூத்தவரையே குறிக்கிறது என்று வாதிட இடம் கிடைக்கும். பெயர், வயது, தகப்பனார் பெயர், முகவரி எல்லாவற்றையும் எழுதி, இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். முடிந்தால் பதிவும் செய்துவிடுங்கள்.