இரண்டாவது ‘போன்ஜூர்’: பிரெஞ்சு அலுவலகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரான்சுக்கு வேலைக்கோ மேற்படிப்புக்கோ செல்லும் நம்மவர்களிடம், அங்கே யாரைப் பார்த்தாலும் ‘போன்ஜூர்’ என்று வணக்கம் சொல்லிவிட வேண்டும் என்று முன்பே போனவர்கள் சொல்லி அனுப்புவார்கள். அது பாதி உண்மை. கடைக்குள் நுழைந்தவுடன் வணக்கம் சொல்லாமல் நேரே விலையைக் கேட்பது அங்கே மரியாதைக் குறைவு என்பதில் ஐயமில்லை. ஆனால், பெரும்பாலும் யாரும் சொல்லித்தராத மறுபாதி ஒன்று உண்டு: ஒரே மனிதருக்கு ஒரே நாளில் போன்ஜூர் ஒரு முறைதான்.

நாம் அதிகம் செய்யும் தவறு இங்கேதான் தொடங்குகிறது. நம் ஊர் அலுவலகங்களில் மேலதிகாரி எதிரே வரும்போதெல்லாம் ‘வணக்கம் சார்’ சொல்லிப் பழகியவர், காலையில் கைகுலுக்கிய அதே மேலாளரைப் பதினொரு மணிக்கு நடைவழியில் பார்த்ததும் மீண்டும் போன்ஜூர் என்கிறார். இங்கே அது பணிவாகத் தோன்றும். அங்கே, காலையில் சந்தித்ததை இவர் மறந்துவிட்டார் என்று பொருள்படும். அன்றைய முதல் சந்திப்பை, ‘உங்களைப் பார்த்தேன், மதிக்கிறேன்’ என்று ஒப்புக்கொள்ளும் சொல்லாகவே போன்ஜூரை அவர்கள் கொள்கிறார்கள். அதைத் திரும்பச் சொன்னால் முதல் சந்திப்பு மனத்தில் பதியவே இல்லை என்றாகிவிடுகிறது. ‘நாம் ஏற்கெனவே பார்த்துக்கொண்டோமே’ என்று அவர் புன்னகையோடு பதில் சொன்னால், அதை வெறும் தகவலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்பதை அவர் கவனித்துவிட்டார்.

அப்படியானால் இரண்டாம் முறை பார்க்கும்போது என்னதான் செய்வது? ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். காலை ஒன்பது மணிக்கு உள்ளே நுழைகிறீர்கள். பக்கத்து மேசைக்காரரிடம் அவர் பெயரோடு சேர்த்து போன்ஜூர் சொல்கிறீர்கள். பத்தரை மணிக்குக் காப்பி இயந்திரத்தின் அருகே அவரே நிற்கிறார். அப்போது கண்ணைப் பார்த்துச் சிறு புன்னகையோ தலையசைப்போ போதும். பேச விரும்பினால் வணக்கத்தைத் தாண்டி நேரே செய்திக்குப் போய்விடலாம். மதியம் அவர் சாப்பிடப் போகும்போது ‘போனப்பெத்தி’ என்று, நன்றாகச் சாப்பிடுமாறு வாழ்த்தலாம். பிற்பகல் கூட்டத்தில் மீண்டும் எதிரெதிரே அமர நேர்ந்தால் ‘ரெபோன்ஜூர்’ என்ற சொல் கைகொடுக்கும். ‘மறுபடியும் வணக்கம்’ என்னும் பொருளுடைய அந்தச் சொல், காலைச் சந்திப்பு நினைவிருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. நெருங்கிய சகாக்கள் அதையும் சுருக்கி ‘ரெ’ என்று மட்டும் சொல்வதுண்டு. மேலாளரிடம் அந்தச் சுருக்கம் வேண்டாம். மாலையில் கிளம்பும்போது இனிய மாலையாக அமையட்டும் என்று வாழ்த்தும் ‘பொன் சுவாரே’. ஐந்து சந்திப்புகளில் போன்ஜூர் ஒரே ஒரு முறைதான் வந்திருக்கிறது. ஆனாலும் எந்தச் சந்திப்பிலும் அவரைக் கண்டும் காணாததுபோல் நீங்கள் கடந்துபோகவில்லை.

கைகுலுக்கலுக்கும், நண்பர்கள் கன்னத்தோடு கன்னம் வைக்கும் ‘பீஸ்’ எனும் வழக்கத்துக்கும் இதே கணக்குதான். வணக்கமாக அவற்றைச் செய்வது அன்று முதன்முதல் பார்க்கும்போது ஒரு முறைதான்.

இந்த விதியை அறிந்தவுடன் சிலர் எதிர்த்திசையில் தவறுகிறார்கள். ‘அறைக்குள் எல்லோருக்கும் சொல்லியாயிற்று’ என்று எண்ணி, பிறகு வந்து சேர்ந்தவருக்குச் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். கணக்கு ஆளுக்கு ஆள் தனி. அறைக்கு ஒன்று அன்று. நான்கு மணிக்கு முதன்முறையாகப் பார்க்கும் ஒருவருக்கு அன்றைய போன்ஜூர் இன்னும் சேரவில்லை என்பதை மறக்கக்கூடாது. இரண்டு பிழைகளில் இதுவே பெரிது என்பது என் கருத்து. இரண்டு முறை சொன்னால் சிரித்துக்கொண்டே மன்னிப்பார்கள். ஒரு முறைகூடச் சொல்லாவிட்டால் அதை மனத்தில் வைத்துக்கொள்வார்கள்.

பெரிய அலுவலகத்தில் யாருக்குச் சொன்னோம், யாருக்குச் சொல்லவில்லை என்பது உண்மையிலேயே குழம்பிப்போகும். பிரெஞ்சுக்காரர்களுக்கும் அது குழம்புகிறது. அதனால்தான் ‘இன்று நாம் வணக்கம் சொல்லிக்கொண்டோமா?’ என்று அவர்கள் வெளிப்படையாகவே கேட்கிறார்கள். நீங்களும் தயங்காமல் அப்படியே கேட்கலாம். எவரும் தவறாக எண்ணுவதில்லை.

நமக்கு இது விசித்திரமாகத் தோன்றுவதற்கு ஒரு காரணம் உண்டு. அக்கம்பக்கத்தில் நாம் வணக்கம் சொல்வது அரிது, ‘சாப்பிட்டாச்சா?’, ‘கடைக்கா?’, ‘இப்போதுதான் வருகிறீர்களா?’ என்று கேட்கிறோம். நேரத்துக்கு ஏற்பக் கேள்வி மாறுவதால் ஒரே நாளில் ஆறு முறை கேட்டாலும் அலுப்பதில்லை. அந்தப் பழக்கத்தையே பிரெஞ்சுக்குக் கொண்டுபோய், போன்ஜூருக்குப் பதிலாகக் காப்பி நேரத்தில் ‘அந்த அறிக்கை முடிந்ததா?’ என்றும், மூன்று மணிக்குக் ‘கூட்டம் எப்படிப் போயிற்று?’ என்றும் கேட்டால், இரண்டாம், மூன்றாம் சந்திப்புகள் இயல்பாகவே கடந்துவிடும்.